இரண்டு டீமை ஒன்றாக்கப் போகிறோம்: ஆட்களிடம் எப்போது, எப்படிச் சொல்வது?

குறிஞ்சி — 3 ஜூன் 2024, காலை

கோவையில் 11 பேர், அம்பத்தூரில் 18 பேர். இரண்டும் ஒரே நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை டீம்கள். தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கிறோம், புகார் வந்தால் பதிவு செய்து மெக்கானிக்கை அனுப்புவது இவர்கள் வேலை. ஆகஸ்ட் 1 முதல் இரண்டையும் ஒன்றாக்கி என் பொறுப்பில் தருகிறார்கள். இப்போது கோவை மட்டும் என்னிடம் இருக்கிறது.

யாருக்கும் வேலை போகாது, சம்பளம் குறையாது. இதை இயக்குநரிடம் மெயிலில் எழுதி வாங்கிவிட்டேன். ஆனால் இப்போது இரண்டு லீட் இருக்கிறார்கள், இனி ஒருவர்தான். கோவை லீட் தொடர்வார். அம்பத்தூர் லீட் தரக் கண்காணிப்புக்கும் பயிற்சிக்கும் போவார். கோவையில் மூன்று பேருக்கு ஷிப்ட் மாறும். இன்சென்டிவ் கணக்கு இரண்டு ஊரிலும் வேறு வேறு, அது இன்னும் முடிவாகவில்லை.

இயக்குநர் சொல்வது: "ஜூலை கடைசி வாரம் எல்லோரையும் கூப்பிட்டு, ஒன்றும் மாறாது, கவலை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இப்போதே சொன்னால் இரண்டு மாதம் புலம்பிக்கொண்டே இருப்பார்கள்." எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் பாதி விஷயம் முடிவாகாத நிலையில் போய் நின்று என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. இப்படி ஒரு மாற்றத்தை அறிவித்தவர்களும் அனுபவித்தவர்களும் சொல்லுங்கள்.

இரவு ஷிப்ட் — 3 ஜூன் 2024

நான் அனுபவித்த பக்கம். உங்கள் ஆட்களுக்கு இப்போதே பாதி தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அலுவலகத்தில் திங்கட்கிழமை அறிவிப்பதாகத் திட்டம். அதற்கு முந்தைய புதன்கிழமை ஒரு பெண் தங்கை கல்யாணத்துக்கு லீவு போடப் போனாள். போர்டலில் "ஒப்புதல் தருபவர்" என்ற இடத்தில் எங்கள் மேனேஜர் பெயர் இல்லை, வேறு கட்டடத்தில் இருக்கும் யாரோ ஒருவர் பெயர். அவள் அதைப் படம் பிடித்து வாட்ஸப் குரூப்பில் போட்டாள். மதியச் சாப்பாட்டுக்குள் எங்கள் மேனேஜரை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள் என்று செய்தி பரவிவிட்டது. பாவம், அவர் அன்றைக்குக் காய்ச்சலில் வீட்டில் இருந்தார்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் உண்மையைத்தான் சொன்னார்கள். நம்ப ஆள் இல்லை. அந்த நாலைந்து நாளில் நாங்களே ஒரு கதை கட்டி, அதற்கு ஏற்ப முடிவும் எடுத்துவிட்டோம். இரண்டு பேர் வேறு இடத்தில் இன்டர்வியூ முடித்திருந்தார்கள்.

கணேசபுரம் — 3 ஜூன் 2024

இதில் யோசிக்க ஒன்றுமில்லை, சட்டமே இருக்கிறது. தொழில் தகராறு சட்டம் 1947, பிரிவு 9ஏ. எந்த மாற்றம் செய்தாலும் 21 நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். டீமை ஒன்றாக்குவதும் மாற்றம்தான். நோட்டீஸ் பலகையில் ஒட்டுங்கள், முடிந்தது.

மனிதவளக்காரி — 4 ஜூன் 2024

கணேசபுரம் சொன்னதில் பாதி சரி. 9ஏ எல்லா மாற்றத்துக்கும் பொருந்தாது. சம்பளம், வேலை நேரம், விடுப்பு, ஷிப்ட் என்று அந்தச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் உள்ளவற்றுக்குத்தான். அதுவும் சட்டம் "தொழிலாளர்" என்று கணக்கில் எடுப்பவர்களுக்கு மட்டும். யாரிடம் ரிப்போர்ட் செய்வது என்பது மாறினால் இந்த நோட்டீஸ் தேவைப்படாது. ஆனால் குறிஞ்சி, உங்கள் மூன்று பேருக்கு ஷிப்ட் மாறுகிறதே, அதற்குத் தேவைப்படலாம். அவர்கள் செய்யும் வேலையின் தன்மையையும் உங்கள் நிலையாணைகளையும் பார்த்துத்தான் சொல்ல முடியும், கம்பெனி வக்கீலைக் கேளுங்கள். தேவை என்றால் ஜூலை 10-க்குள் நோட்டீஸ் கையில் இருக்க வேண்டும். இயக்குநரின் "ஜூலை கடைசி வாரம்" அங்கேயே அடிபட்டுப் போகிறது. அவரிடம் பேச இது உங்களுக்கு நல்ல பிடி.

அந்த மூவரில் பெண்கள் உண்டா? ஷிப்ட் இரவு 8 மணியைத் தாண்டுமானால், தமிழ்நாட்டில் அவர்களிடம் எழுத்துப்பூர்வமான சம்மதம் வாங்க வேண்டும், வீடு சேர வண்டியும் தர வேண்டும். கூட்டத்தில் அறிவித்துவிட்டு அப்புறம் சம்மதம் கேட்டால் அதற்குப் பெயர் சம்மதம் இல்லை.

சரி, சட்டம் போகட்டும். நான் முதலில் செய்யும் வேலை ஒன்றைச் சொல்கிறேன். அறிவிப்பு மெயில் எழுத உட்காராதீர்கள். ஒரு தாளில் 29 பெயரையும் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே: யாரிடம் ரிப்போர்ட், ஷிப்ட், உட்காரும் இடம், பதவிப் பெயர், இன்சென்டிவ், இந்த வருட அப்ரைசலை எழுதுவது யார். மாறுவதை வட்டமிடுங்கள். ரிப்போர்ட் செய்யும் ஆள் மட்டும் மாறினால் அவருக்குப் பொது மீட்டிங் போதும். வேறு எது மாறினாலும் அந்த ஆளுக்கு முன்கூட்டியே தனியாகச் சொல்லியாக வேண்டும். எத்தனை பேர் தேறுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள், நாளைப் பிறகு குறிக்கலாம்.

ஸ்ரீபெரும்புதூர் லைன் — 4 ஜூன் 2024

எங்களுக்கும் இதே பிரச்சினை. போன மாதம் கான்ட்ராக்டர் மாறிவிட்டார், இனி புது கம்பெனி பெயரில் ஐடி கார்டு என்றார்கள். அதே லைன், அதே சூப்பர்வைசர். எனக்கு நாலு வருடம் ஏழு மாதம் சர்வீஸ். பிஎஃப் என்ன ஆகும்? கிராஜுவிட்டி கிடைக்குமா? யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

மனிதவளக்காரி — 4 ஜூன் 2024

தம்பி, உங்கள் விஷயம் வேறு. குறிஞ்சி சொல்வது ஒரே கம்பெனிக்குள் நடப்பது, அங்கே சர்வீஸ் அறுபடாது. உங்களுக்கு முதலாளியே மாறுகிறார். பிஎஃப் பற்றிப் பயம் வேண்டாம், உங்கள் யுஏஎன் எண் அதேதான். புது கம்பெனி அதே எண்ணில் இணைக்கிறதா என்று பார்த்து, பழைய கணக்கை மாற்ற விண்ணப்பியுங்கள். சிக்கல் கிராஜுவிட்டியில்தான். ஐந்து வருடம் தொடர்ந்த சர்வீஸ் வேண்டும் என்பதால் "பழைய சர்வீஸ் தொடரும்" என்ற வரி புது நியமனக் கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். பழைய கான்ட்ராக்டர் கொடுத்த சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். தொழிற்சங்கம் இருந்தால் இன்றைக்கே அவர்களைப் பாருங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் லைன் — 5 ஜூன் 2024

அந்த வரி இல்லை அக்கா. கேட்டிருக்கிறேன், பார்ப்போம். இந்த ஒரு விஷயத்தை ஐடி கார்டு மாற்றும்போதே சொல்லியிருந்தால் ஒரு மாதம் தூக்கம் கெட்டிருக்காது.

பழைய வங்கியாள் — 5 ஜூன் 2024

நான் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. பெரிய அளவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், சிறிய டீமுக்கும் பயன்படும்.

2019 ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை. பத்து அரசு வங்கிகளை நான்காக்கப் போவதாக நிதியமைச்சர் டெல்லியில் அறிவித்தார். சென்னையில் தலைமையகம் கொண்ட இந்தியன் வங்கியோடு கொல்கத்தாவில் தலைமையகம் கொண்ட அலகாபாத் வங்கி சேர்கிறது. எங்கள் கிளையில் பெரும்பாலானவர்கள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். மறுநாளே ஊழியர்கள் கறுப்புப் பட்டை அணிந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதற்கடுத்த நாள், ஒருவருக்கும் வேலை போகாது என்று அமைச்சர் சென்னையில் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

நான் கவனித்தது இதுதான். வேலை போய்விடும் என்ற பயம் எங்களில் பலருக்குப் பெரிதாக இல்லை. நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது வேறு. ஒரே தெருவில் இரண்டு வங்கிக்கும் கிளை இருந்தால் எது மூடும், அங்கிருக்கும் மேனேஜர் எங்கே போவார்? சீனியாரிட்டிப் பட்டியலில் அவர்கள் ஆள் மேலா, நம் ஆள் மேலா? மொழி தெரியாத மாநிலத்துக்குப் போட்டுவிடுவார்களா? இதற்கெல்லாம் "வேலை போகாது" என்பது பதில் இல்லை. கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில் யாரையும் ஆற்றாது.

பிறகு 2020 மார்ச்சில் அரசிதழில் வந்த திட்டத்தில், இணையும் வங்கி ஊழியர்களின் சம்பளமும் படிகளும் பழைய வங்கியில் கிடைத்திருக்கக்கூடியதை விடக் குறைவான சாதகத்தில் இருக்காது என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அந்த வரி வந்த பிறகு சம்பளம் பற்றிய பேச்சு அடங்கிவிட்டது. இடமாற்றப் பேச்சு அடங்கவில்லை, அதற்கு அப்படி ஒரு வரி இல்லை.

உங்கள் 29 பேரும் எந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள் அம்மா.

குறிஞ்சி — 7 ஜூன் 2024

பட்டியல் போட்டேன். பொது மீட்டிங் மட்டும் போதும் என்பவர்கள் 23 பேர். தனியாகச் சொல்ல வேண்டியவர்கள் ஆறு பேர்: இரண்டு லீட், ஷிப்ட் மாறும் மூவர், அப்புறம் நான் யோசித்தே பார்க்காத ஒரு பெண். அம்பத்தூரில் வாராந்தர அறிக்கை தயாரிப்பவர். கோவை மென்பொருளில் அந்த அறிக்கை தானாக வந்துவிடும். அவர் வேலை போகவில்லை, ஆனால் அவர் செய்யும் வேலையில் பாதி மறைந்துவிடுகிறது. பட்டியல் போடாவிட்டால் அவர் என் கண்ணில் பட்டிருக்கவே மாட்டார்.

ஷிப்ட் மாறுபவர்களில் ஒரு பெண் இருக்கிறார், மதியம் 1 முதல் இரவு 10 வரை வரும். சம்மதம் விஷயம் இயக்குநருக்கே புதிது. வக்கீல், ஷிப்டுக்கு நோட்டீஸ் கொடுத்துவிடுவதே பாதுகாப்பு என்றார். இந்த இரண்டையும் வைத்துப் பேசியதில் தேதி ஜூன் 19 என்று முடிவாகிவிட்டது. கணேசபுரத்துக்கு நன்றி, நோட்டீஸ் பேச்சைத் தொடங்கி வைத்தது நீங்கள்தான்.

திங்கள் 17 பக்ரீத் விடுமுறை, அதனால்தான் புதன்கிழமை. அம்பத்தூர் லீடுக்கு எப்போது சொல்வது? இதில்தான் தடுமாறுகிறேன். 18 பேரும் அவர் சொன்னால் கேட்பவர்கள்.

மனிதவளக்காரி — 7 ஜூன் 2024

எல்லோருக்கும் முன்னால் அவருக்கு. வெறும் செய்தியோடு போகாதீர்கள். புதுப் பொறுப்பு என்ன, யாரிடம் ரிப்போர்ட், சம்பளமும் கிரேடும் அப்படியே இருக்கும் என்பதெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, இயக்குநர் கையெழுத்தோடு கொண்டு போங்கள். "தரக் கண்காணிப்பு" என்று வாயால் சொன்னால் ஓரங்கட்டிவிட்டார்கள் என்றுதான் அவர் காதில் விழும்.

இரவு ஷிப்ட் — 8 ஜூன் 2024

ஒரு வாரம் முன்னால் சொன்னால் அந்த மனிதர் ஒரு வாரம் தன் ஆட்களிடம் நடிக்க வேண்டும். தினமும் ஒன்றாகச் சாப்பிடுபவர்கள். பின்னால் "உனக்கு முதலிலேயே தெரியும், இல்லையா" என்று அவரைத்தான் கேட்பார்கள். முந்தின நாள் மாலை போதும்.

பழைய வங்கியாள் — 8 ஜூன் 2024

முந்தின நாள் மாலை சொன்னால் மறுநாள் காலை அவர் முகத்தைப் பார்த்தே 18 பேருக்கும் தெரிந்துவிடும். வீட்டில் பேச, கோபப்பட, திரும்பி வந்து கேள்வி கேட்க அவருக்கு அவகாசம் வேண்டாமா? வியாழக்கிழமை சொல்லுங்கள்.

இரவு ஷிப்ட் — 8 ஜூன் 2024

அவகாசம் அவருக்கா, நிர்வாகத்துக்கா? எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

மனிதவளக்காரி — 10 ஜூன் 2024

இந்த விஷயத்தில் எனக்கும் ஒரே பதில் கிடையாது, ஆளைப் பொறுத்தது. ஆனால் ஒன்றை மட்டும் எப்போதும் செய்யாதீர்கள்: அந்த அறிவிப்பை அவர் வாயால் படிக்க வைப்பது.

அப்புறம், போர்டலில் ரிப்போர்டிங் பெயர்களை 19-ஆம் தேதி மாலைக்கு முன் யாரும் தொடக்கூடாது என்று உங்கள் ஹெச்ஆரிடம் எழுதிச் சொல்லுங்கள். புது மெயில் குரூப், டெலிபோன் பட்டியல், உட்காரும் இட வரைபடம், எல்லாவற்றுக்கும் இதுதான் விதி. மீட்டிங் அழைப்பில் ஹெச்ஆர் தலைவர் பெயரைச் சேர்த்து, தலைப்பில் "முக்கியம்" என்று மட்டும் போட்டு முந்தின நாளே அனுப்பாதீர்கள். அந்த இரவு யாரும் தூங்க மாட்டார்கள்.

குறிஞ்சி — 14 ஜூன் 2024

நேற்று அம்பத்தூர் போய் லீடிடம் நேரில் சொன்னேன். தாளைக் கொடுத்தேன், இரண்டு முறை படித்தார். முதலில் கேட்டது: "என் பசங்க அப்ரைசலை யார் எழுதுவாங்க?" அவரைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. என்னிடம் பதில் இருந்தது: இந்த ஆண்டு நீங்களே எழுதுவீர்கள். இன்று காலை போன் செய்து தன்னைப் பற்றிய கேள்விகளைக் கேட்டார், கோபமாகத்தான். அந்தக் கோபம் நியாயமானது. வியாழன் சொன்னது சரி என்றே எனக்குப் படுகிறது.

19-ஆம் தேதி கொடுக்க ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். கிழித்துத் தொங்கவிடுங்கள்.

*முடிவானவை.* ஆகஸ்ட் 1 முதல் கோவை, அம்பத்தூர் சேவை டீம்கள் ஒரே டீம். இதனால் யாருடைய வேலையும் போகாது, யாருடைய சம்பளமும் குறையாது. யாரும் ஊர் மாற வேண்டியதில்லை. ஆறு பேருக்குப் பொறுப்போ ஷிப்டோ மாறுகிறது, அவர்கள் ஒவ்வொருவரிடமும் இந்தத் தாள் உங்கள் கைக்கு வரும் முன் பேசிவிட்டோம்.

*முடிவாகாதவை.* இன்சென்டிவ் கணக்கு: நிதிப் பிரிவு ஜூலை 5-க்குள் சொல்லும். கோவையின் இரண்டாம், நான்காம் சனி விடுமுறை: இயக்குநர் ஜூலை 12-க்குள் சொல்வார்.

*மாறாதவை.* இந்த ஆண்டு அப்ரைசலை இதுவரை உங்கள் வேலையைப் பார்த்த லீடே எழுதுவார். உட்காரும் இடம், இரவு வண்டி இப்போது உள்ளபடியே.

வெள்ளிக்கிழமைதோறும் நான் ஒரு குறிப்பு அனுப்புவேன், புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் அனுப்புவேன்.

மனிதவளக்காரி — 14 ஜூன் 2024

"ஆறு பேரிடம் பேசிவிட்டோம்" என்ற வரிதான் இதில் தங்கம். மற்ற 23 பேரும் அதைப் படித்தவுடன் "என்னை யாரும் கூப்பிடவில்லை, அப்படியானால் நான் அந்த ஆறில் இல்லை" என்று மூச்சு விடுவார்கள். முடிவாகாதவற்றுக்குத் தேதியும் சொல்பவரும் இருப்பது நல்லது.

ஒன்று மட்டும். "வேலை போகாது, ஊர் மாற வேண்டாம்" என்பது எதுவரை? உங்கள் இயக்குநர் எதுவரைக்கும் கையெழுத்துப் போட முடியுமோ அந்தத் தேதியை எழுதுங்கள். 2025 மார்ச் வரை என்றால் அப்படியே எழுதுங்கள். தேதி போடாத உறுதிமொழியை எல்லோரும் என்றென்றைக்கும் என்று படிப்பார்கள்.

இரவு ஷிப்ட் — 15 ஜூன் 2024

"மார்ச் வரை வேலை போகாது" என்று படித்தால் நான் ஏப்ரலுக்கு வேறு வேலை தேட ஆரம்பிப்பேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

பழைய வங்கியாள் — 15 ஜூன் 2024

தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் பிரிக்கலாமே. "இந்த இணைப்பைக் காரணம் காட்டி யாருடைய வேலையும் போகாது" என்பதற்குத் தேதி வேண்டாம், அது முடிந்த முடிவு. ஊர் மாற்றத்துக்கு மட்டும் தேதி போடுங்கள்.

குறிஞ்சி — 15 ஜூன் 2024

ஐயா சொன்னபடியே மாற்றிவிட்டேன். ஊர் மாற்றம் 2025 மார்ச் 31 வரை இல்லை என்று போகிறது. இயக்குநருக்கு "முடிவாகாதவை" பகுதிதான் பிடிக்கவில்லை. நமக்கே தெரியாததை ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறார். எழுதாவிட்டால் அந்த இடத்தில் அவர்களே எதையாவது எழுதிக்கொள்வார்கள் என்றேன். அரை மனதாகச் சரி என்றார்.

குறிஞ்சி — 19 ஜூன் 2024, இரவு

திட்டம் இதுதான்: காலை 10 முதல் ஒன்றரை வரை தனிப் பேச்சுகள், 2 மணிக்கு இரண்டு ஊருக்கும் ஒரே நேரத்தில் வீடியோவில் பொது மீட்டிங், முடிந்த கையோடு தாள்.

காலை 9.15-க்கு கோவை லீட் போன் செய்தார். கணினிப் பிரிவு நேற்று மாலையே புது மெயில் குரூப் உருவாக்க டிக்கெட் போட்டிருக்கிறது, அந்த டிக்கெட் பட்டியலை எல்லோரும் பார்க்க முடியும். குரூப் பெயரிலேயே இரண்டு ஊர் பெயரும் இருந்திருக்கிறது. போர்டலை நிறுத்தி வைக்கச் சொன்னோம், டிக்கெட் பட்டியல் ஹெச்ஆர் கையில் இல்லை.

பொது மீட்டிங்கை 11.30-க்கு இழுத்துவிட்டோம். தனிப் பேச்சுகளை நானும் ஹெச்ஆரும் பங்கு போட்டுக்கொண்டு இரண்டு அறையில் நடத்தி 11.20-க்கு முடித்தோம். இரவு ஷிப்ட் மாறும் பெண்ணிடம் நான் பேசினேன். சம்மதம் இன்றே தர வேண்டாம், வீட்டில் பேசிவிட்டு ஜூலை 1-க்குள் சொன்னால் போதும், முடியாது என்றால் இப்போதைய ஷிப்ட் தொடரும் என்று தாளில் எழுதிக் கொடுத்தேன்.

மீட்டிங்கில் நான் பேசியது பத்து நிமிடம். கேள்விக்கு நேரம் விட்டேன். அம்பத்தூரில் ஒரு கை கூட எழவில்லை. கோவையில் ஒருவர் கேட்டார்: "ஆடிப்பெருக்குக்கு லீவு வாங்கிட்டேன், ஆகஸ்ட்ல வர்ற லீவை இனி யார் பார்ப்பாங்க?" ஒப்புதல் ஆன லீவு எதுவும் ரத்தாகாது என்றேன். சாயங்காலம் பார்த்தால் அதே கேள்வி ஐந்து பேரிடம் இருந்திருக்கிறது. "மாறாதவை"யில் சேர்த்துத் தாளைத் திரும்ப அனுப்பினேன்.

மனிதவளக்காரி — 20 ஜூன் 2024

அம்பத்தூர் அமைதியைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 18 பேர் இருக்கும் அறையில், இனிமேல் மேனேஜராக வரப்போகிறவர் திரையில் தெரியும்போது, யார் முதலில் கை தூக்குவார்கள்? லீட் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து கேள்விகளைத் தாளில் எழுதி, யார் கேட்டது என்று போடாமல் உங்களுக்கு அனுப்பட்டும். கேள்விப் பெட்டி வைக்க வேண்டாம், சின்ன டீமில் கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

பயம் எங்கே இருக்கிறது என்று தெரிய ஹெச்ஆரிடம் ஒன்று கேளுங்கள்: இந்த வாரம் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்டு எத்தனை பேர் வந்தார்கள்? வீட்டுக் கடனுக்கும் கேட்பார்கள்தான். ஆனால் ஒரே வாரத்தில் நான்கைந்து பேர் கேட்டால் அது கடனுக்காக இருக்காது. எண்ணிக்கை மட்டும் போதும், பெயர் கேட்காதீர்கள்.

குறிஞ்சி — 26 ஜூன் 2024

மூன்று பேர், மூவரும் அம்பத்தூர். பெயர் கேட்கவில்லை.

லீட் அனுப்பிய தாளில் பதினான்கு கேள்வி. ஒன்பது கேள்வி இன்சென்டிவ் பற்றி. அங்கே மூடிய புகார் ஒவ்வொன்றுக்கும் தொகை உண்டு, கோவையில் டீம் மொத்தத்துக்குத்தான். அம்பத்தூரில் வேகமாக வேலை செய்பவருக்குக் கோவை முறை வந்தால் மாதம் கணிசமாக இழப்பு. "சம்பளம் குறையாது" என்று நான் எழுதியதில் இன்சென்டிவ் சேருமா என்பதுதான் அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி, இயக்குநரிடம் கேட்டிருக்கிறேன்.

பழைய வங்கியாள் — 27 ஜூன் 2024

பாருங்கள், வங்கியில் நடந்ததேதான். அரசிதழில் சம்பளத்தோடு "படிகளும்" என்று சேர்த்து எழுதியிருந்ததன் அருமை அப்போது எங்களுக்கே தெரியவில்லை.

குறிஞ்சி — 5 ஜூலை 2024

நிதிப் பிரிவு இன்று சொல்ல வேண்டிய நாள், சொல்லவில்லை. மூன்று மாதக் கணக்கை இரண்டு முறையிலும் போட்டுப் பார்க்க இன்னும் அவகாசம் வேண்டுமாம். வெள்ளிக்குறிப்பில் அதையே எழுதினேன்: 5-ஆம் தேதி என்றோம், வரவில்லை, காரணம் இது, புதுத் தேதி 16. கூடவே இயக்குநரிடம் வாங்கிய ஒரு வரி: அக்டோபர் வரை எந்த முறை கணக்கிட்டாலும், ஒருவருக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை கிடைத்த சராசரியை விடக் குறையாது.

இந்த வரி போன பிறகு அம்பத்தூரிலிருந்து முதல் முறையாக எனக்கே நேரடியாக மெயில் வந்தது, இரண்டு பேரிடமிருந்து. ஒருவர் மெக்கானிக் ஒதுக்கும் முறை பற்றி ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். நல்ல யோசனை.

இரவு ஷிப்ட் பெண் சம்மதிக்கவில்லை. அவருடைய பழைய ஷிப்ட் தொடர்கிறது. அம்பத்தூரிலிருந்து ஒரு பையன் தானாக முன்வந்து அந்த நேரத்தை எடுத்துக்கொண்டான். மற்ற இருவரின் நோட்டீஸும் கொடுத்தாயிற்று.

கணேசபுரம் — 6 ஜூலை 2024

அக்டோபருக்கு அப்புறம்?

குறிஞ்சி — 6 ஜூலை 2024

அக்டோபருக்கு அப்புறம் புது முறை மட்டும். அதையும் எழுதியிருக்கிறேன்.

குறிஞ்சி — 12 ஜூலை 2024

சனி விடுமுறை பற்றி இயக்குநர் சொல்லிவிட்டார்: கோவைக்கு இப்போது உள்ளபடியே 2025 மார்ச் வரை. கோவையில் நிம்மதி. அரை மணி நேரத்தில் அம்பத்தூர் லீட் அழைத்தார்: "ஒரே டீம்னு சொன்னீங்க. எங்களுக்கு மட்டும் எல்லா சனியும் வேலையா?" பதில் என்னிடம் இல்லை. கோவையில் சனிக்கிழமை அழைப்புகள் குறைவு, அம்பத்தூரில் அதுதான் அதிகம் என்பது உண்மை. ஆனால் அது அவர்கள் கேட்டதற்குப் பதிலாகாது.

இரவு ஷிப்ட் — 13 ஜூலை 2024

ஒரு பக்கத்துக்கு "மாறாது" என்று சொல்வதே இன்னொரு பக்கத்துக்குப் புகாராகிவிடும். எங்கள் அலுவலகத்திலும் கடைசி வரை தீராத சண்டை வேலைப் பங்கீட்டில் இல்லை, கேன்டீன் கூப்பனில்தான். எங்களுக்கு உண்டு, அவர்களுக்குக் கிடையாது.

மனிதவளக்காரி — 13 ஜூலை 2024

அழைப்புகள் மொத்தமும் இனி ஒரே வரிசையில் வருமென்றால், சனியை 29 பேரும் முறை வைத்துப் பகிரலாம். ஆனால் கோவைக்கு மார்ச் வரை என்று கொடுத்த வாக்கை இப்போது மீறாதீர்கள். விருப்பமுள்ளவர்கள் மாற்றிக்கொள்ளலாம், அதற்கு ஈடாக வார நாளில் விடுமுறை என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

குறிஞ்சி — 9 ஆகஸ்ட் 2024

இணைந்து ஒரு வாரம் ஆகிறது. இன்சென்டிவ் முறை 16-ஆம் தேதி வந்தது, பாதி தனிநபர், பாதி டீம். சம்பளச் சீட்டு கேட்டவர்களில் ஒருவர் போய்விட்டார், சொந்த ஊர்ப் பக்கம் வேலை. அறிக்கை தயாரித்த பெண் பயிற்சிப் பக்கம் வர விரும்பினார், மாற்றிவிட்டோம். அம்பத்தூரின் பழைய லீட் இப்போது தரக் கண்காணிப்பில் இருக்கிறார். அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போடும் தாளை அவரே திருத்தி எழுதியிருக்கிறார். மனம் ஆறிவிட்டதா என்று கேட்டால் தெரியவில்லை, என்னிடம் இன்னும் வேலை விஷயம் மட்டும்தான் பேசுகிறார்.

சனி மாற்றத்துக்குக் கோவையிலிருந்து நான்கு பேர் பெயர் கொடுத்தார்கள், அது போதாது. அம்பத்தூரில் பதினாறு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறார்கள். இயக்குநர் அவர்களை 22-ஆம் தேதி நேரில் பார்க்கிறார். மனு வந்ததையும் சந்திக்கும் தேதியையும் இன்றைய வெள்ளிக்குறிப்பில் இரண்டு ஊருக்கும் எழுதிவிட்டேன். யாராவது இரண்டு ஊர் டீமில் சனிக்கிழமையை முறை வைத்துப் பகிர்ந்து பார்த்திருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று 22-க்குள் எழுதுங்கள்.